கை நடுக்கம் நின்றதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: மதிப்புக்குரிய டாக்டருக்கு, எனக்கு வயது 36. மதுரையில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்து, ஆரி வேலையும் செய்து தருகிறேன். மூன்று மாதமாக நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை. எட்டு கிலோ இளைத்துவிட்டேன். ஆரி ஊசியைத் துணியில் குத்தி நூலை மேலே இழுக்கும்போது கை ஆடி, கண்ணி தப்பிவிடுகிறது. பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே, ஃப்ரீ டி4 3.8 என்று வந்தது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் என்று சொல்லி, அதைக் குறைக்கக் கார்பிமசோல் 10 மி.கி. காலை, இரவு என்றும், படபடப்புக்கு ப்ரோப்ரானோலால் 20 மி.கி. மூன்று வேளை என்றும் எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை தொடங்கி 12 நாள் ஆகிறது. மூன்றாம் நாளே நடுக்கம் நின்றுவிட்டது. என் நாத்தனாருக்குப் பிரசவத்துக்குப் பிறகு இதே தைராய்டு வந்தபோது ப்ரோப்ரானோலால் மட்டும் கொடுத்தே சரியாகிவிட்டது. கார்பிமசோல் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும் என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு ப்ரோப்ரானோலாலை மட்டும் தொடரலாமா? மருந்துக் கடையில் கேட்டால், அது பிரஷர் மாத்திரை, திடீரென்று நிறுத்தவே கூடாது என்கிறார்கள். எனக்குப் பிரஷர் கிடையாது. 110/70 தான் இருக்கிறது. இன்னொன்று, ஐந்தாறு நாளாக இரவில் வறட்டு இருமலும் நெஞ்சில் ஒரு இறுக்கமும் இருக்கின்றன. சிறு வயதிலிருந்தே பனிக்காலத்தில் வீசிங் வரும், அப்போது மட்டும் இன்ஹேலர் எடுப்பேன். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பதில்: அன்புச் சகோதரிக்கு, நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கும் இருமலைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கார்பிமசோலைப் பற்றிய உங்கள் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல நேரம் இருக்கிறது. இருமலுக்கு அந்த நேரம் இல்லை என்பதால், உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தனியாகவும் சில வரிகள் அனுப்பினேன். உங்களைப் போலவே வீசிங் உள்ளவர்கள் இந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதால், அதை இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

இருமலை ஏன் அலட்சியப்படுத்தக் கூடாது

அட்ரினலின் என்ற ஹார்மோன் உடலில் வேலை செய்வதற்குப் பல இடங்களில் ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுள் பீட்டா ஒன்று என்ற வகை பெரும்பாலும் இதயத்தில் இருந்துகொண்டு துடிப்பை விரைவாக்குகிறது. பீட்டா இரண்டு என்ற வகை மூச்சுக்குழாய்ச் சுவர்களில் இருந்துகொண்டு குழாயைத் தளர்த்தி விரித்து வைக்கிறது. கை தசைகளில் இருக்கும் இதே வகைதான் நடுக்கத்துக்கும் காரணமாகிறது. ப்ரோப்ரானோலால் இந்த இரண்டையும் வேறுபாடு பார்க்காமல் அடைக்கும் பீட்டா பிளாக்கர். உங்கள் கை நடுக்கத்தை அது மூன்றே நாளில் நிறுத்தியதற்கும், மூச்சுக்குழாயைச் சுருங்க விட்டிருக்கக்கூடும் என்பதற்கும் ஒரே காரணம்தான். அது பீட்டா இரண்டையும் சேர்த்து அடைக்கிறது.

ஆஸ்துமா இல்லாதவருக்கு இதனால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆஸ்துமா உள்ளவருக்கு, அது வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் தலைகாட்டும் ஆஸ்துமாவாக இருந்தாலும், ஒரே மாத்திரையில் கூடக் கடுமையான மூச்சுத்திணறல் வரலாம். ‘வீசிங்’ என்றால் விசில் சத்தம் கேட்டாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரவிலும் விடியற்காலையிலும் வரும் வறட்டு இருமலும் நெஞ்சிறுக்கமும் மட்டுமே ஆஸ்துமாவின் முகமாக இருப்பது மிகவும் சாதாரணம். மாத்திரை தொடங்கி ஒரு வாரத்துக்குள் இவை வந்திருப்பதால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மாத்திரையையே குற்றவாளியாகக் கருத வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் பனிக்காலத்தில் எடுக்கும் இன்ஹேலர் பெரும்பாலும் சால்பியூட்டமாலாக இருக்கும். அதுவும் அதே பீட்டா இரண்டு ஏற்பியின் வழியாகத்தான் மூச்சுக்குழாயை விரிக்கிறது. ஏற்பியை ப்ரோப்ரானோலால் ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கும்போது, வழக்கமாக இரண்டு முறை இழுத்தால் கேட்கும் இன்ஹேலர் இப்போது அரைகுறையாகவே கேட்கலாம். ஆகவே, ‘இன்ஹேலர்தான் கையில் இருக்கிறதே’ என்ற தைரியம் இந்த நாட்களில் முழுமையாகப் பொருந்தாது. இன்ஹேலரை வழக்கம்போல எடுத்தும் மூச்சு சீராகவில்லை என்றாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எந்த நேரமாக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும். அங்கே முதல் வார்த்தையாக, ‘நான் ப்ரோப்ரானோலால் எடுத்துக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் தெரிந்தால்தான், பீட்டா ஏற்பியை நம்பாமல் வேறு வழியில் குழாயை விரிக்கும் இப்ராட்ரோபியம் போன்ற மருந்தையும் நெபுலைசரில் சேர்த்து வைக்க வேண்டும் என்று அங்குள்ள மருத்துவருக்குத் தோன்றும்.

இப்போது, அடுத்த வேளை ப்ரோப்ரானோலாலை எடுப்பதா வேண்டாமா என்பதற்கு வருகிறேன். எடுக்க வேண்டாம். எழுதிக் கொடுத்த மருத்துவரை இன்றே தொடர்புகொண்டு, இருமலையும் பழைய வீசிங்கையும் சொல்லுங்கள். மருந்துக் கடைக்காரர் சொன்ன ‘திடீரென்று நிறுத்தக் கூடாது’ என்பது பொதுவாகச் சரியான அறிவுரைதான், அதை நான் மறுக்கவில்லை. நெடுநாள் அடைபட்டிருக்கும்போது உடல் அதை ஈடுகட்டக் கூடுதல் ஏற்பிகளை உண்டாக்கிக்கொள்கிறது. அடைப்பைச் சட்டென்று எடுத்தால் அவை எல்லாம் ஒன்றாக விழித்துக்கொண்டு இதயத்தை விரட்டும். இதயத் தமனி அடைப்பு உள்ள ஒருவருக்கு அது மாரடைப்பு வரை கொண்டுபோகலாம். ஆனால் நீங்கள் 36 வயதில், இதய நோய் எதுவும் இல்லாமல், நாளொன்றுக்கு 60 மி.கி. என்ற நடுத்தர அளவை 12 நாள் மட்டுமே எடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நிறுத்துவதால் வரக்கூடியது மீண்டும் படபடப்பும் நடுக்கமும். தொடர்வதால் வரக்கூடியது மூச்சுத்திணறல். இந்த இரண்டில் எது பெரிய ஆபத்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

படபடப்பு மீண்டும் வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது பயமுறுத்தாது. ஓரிரு நாளுக்குள் அது தெரியும். அந்த நாட்களில் மாடிப்படி ஏறுவதையும் வெயிலில் அலைவதையும் குறைத்து, காபியை விட்டுவிடுங்கள். சளி, இருமல் என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கூட்டு மாத்திரைகளில் மூக்கடைப்புக்கான ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும், தைராய்டு கூடியிருக்கும்போது அவை ஆகாது என்பதால் அவற்றைத் தொடாதீர்கள்.

மாற்றாக எதைத் தரலாம்

உங்கள் மருத்துவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பதை உங்கள் மூச்சுக்குழாய் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். ஸ்டெத்தஸ்கோப்பில் கேட்பதோடு நிற்காமல், ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

முதல் வழி, இதயத்தில் உள்ள பீட்டா ஒன்றை மட்டும் குறிவைக்கும் மருந்துகள். அட்டினோலால், மெட்டோபுரோலால், பிசோபுரோலால் ஆகியவை இந்த வகை. அட்டினோலாலை 25 அல்லது 50 மி.கி. என்று நாளுக்கு ஒரு முறை எடுத்தாலே போதும் என்பது ஒரு வசதி. ஆனால் ‘மட்டும்’ என்று நான் எழுதியதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அளவு கூடக் கூட அந்தக் குறி தவறி, மூச்சுக்குழாயையும் தொட ஆரம்பிக்கும். ஆகவே ஆஸ்துமா அடங்கியிருக்கும் நேரத்தில், குறைந்த அளவில், மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே இதைத் தொடங்கலாம். இருமல் இருந்துகொண்டிருக்கும் இந்த வாரத்தில் அல்ல.

இரண்டாவது வழி டில்டியாசெம். இது பீட்டா பிளாக்கரே அல்ல. கால்சியம் நுழையும் பாதையை அடைத்து இதயத் துடிப்பைக் குறைப்பது. மூச்சுக்குழாய்க்கு இதனால் தொந்தரவில்லை என்பதால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நாங்கள் நாடுவது இதைத்தான். ஆனால் உங்கள் தொழிலை நினைத்து ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். டில்டியாசெம் படபடப்பைக் குறைக்கும், கை நடுக்கத்துக்கு அநேகமாக ஒன்றும் செய்யாது. ஆரி ஊசி இன்னும் சில வாரங்களுக்கு ஆடத்தான் செய்யும். மணியும் ஜர்தோசியும் கோக்க வேண்டிய நுணுக்கமான வேலைகளை ஒத்திவைத்துவிட்டு, மெஷின் தையலை மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: டில்டியாசெம் தொடங்கிய பிறகு, நடுக்கம் தாங்கவில்லை என்று வீட்டில் மிச்சமிருக்கும் ப்ரோப்ரானோலாலில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரை போகலாம். மிச்சமிருக்கும் அட்டையை வீட்டில் வைத்திருக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

மூன்றாவது வழி, துடிப்பைக் குறைக்கும் மருந்தே இல்லாமல் கார்பிமசோல் வேலை செய்யும் வரை பொறுத்திருப்பது. உட்கார்ந்திருக்கும்போது நாடி நூறுக்குக் கீழே இருந்து, இதய நோயும் இல்லையென்றால், இதுவும் நியாயமான வழிதான். எதை எடுத்தாலும், ஆஸ்துமாவுக்குப் பனிக்காலத்தில் மட்டும் இன்ஹேலர் என்பதை விட்டுவிட்டு, தினசரி தடுப்பு இன்ஹேலர் தேவையா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

நாத்தனாருக்குச் சரியானது உங்களுக்கு ஏன் சரியாகாது

உங்கள் நாத்தனார் விஷயத்தில் நீங்கள் கவனித்தது பொய்யல்ல. அவருக்கு ப்ரோப்ரானோலால் மட்டும் கொடுத்ததும் சரியான சிகிச்சைதான். ஆனால் அவருக்கு வந்ததும் உங்களுக்கு வந்திருப்பதும் ஒரே நோய் அல்ல, இரத்த அறிக்கை மட்டும் ஒன்றுபோல இருக்கும்.

பிரசவத்துக்குப் பிந்தைய சில மாதங்களில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சியால் புண்பட்டு, அது ஏற்கெனவே செய்து சேமித்து வைத்திருந்த ஹார்மோன் இரத்தத்தில் கசிந்துவிடுகிறது. தைராய்டு ஹார்மோனான டி4 கூடும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். அடிமட்டத்துக்குப் போகும், படபடப்பும் நடுக்கமும் வரும். ஆனால் சுரப்பி புதிதாக ஒன்றும் அதிகமாகச் செய்யவில்லை. சேமிப்பு தீர்ந்ததும், சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ, கசிவு தானாக நின்றுவிடும். புது ஹார்மோன் செய்வதைத் தடுக்கும் கார்பிமசோலுக்கு அங்கே வேலையே இல்லை. கசிவு நிற்கும் வரை தொந்தரவைத் தணிக்க ஒரு பீட்டா பிளாக்கர் இருந்தால் போதும். (அவர்களில் பலருக்கு அதற்குப் பிறகு சில மாதங்கள் தைராய்டு குறைவு வருவதுண்டு, உங்கள் நாத்தனார் அதன் பிறகு ஒருமுறையாவது டி.எஸ்.எச். பார்த்தாரா என்று கேட்டு வையுங்கள்.)

கிரேவ்ஸ் நோயில் நடப்பது வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே ஒரு எதிர்ப்பொருளை உண்டாக்கி, அது டி.எஸ்.எச்.சின் வேடத்தில் தைராய்டு சுரப்பியை இரவும் பகலும் தூண்டிக்கொண்டே இருக்கிறது. இங்கே சுரப்பியே ஓய்வில்லாமல் ஹார்மோன் செய்கிறது. இதைத் தடுக்காவிட்டால் பெரும்பாலும் தானாக நிற்காது. உங்களுக்கு எந்த ஆதாரத்தில் கிரேவ்ஸ் என்று சொன்னார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த எதிர்ப்பொருளுக்கான இரத்தப் பரிசோதனையோ, சுரப்பி எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் ஸ்கேனோ செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் மூன்று மாதத் தொந்தரவும் எடைக் குறைவும் கிரேவ்ஸுடன் பொருந்துகின்றன. ஆனாலும் கார்பிமசோல் தேவையா இல்லையா என்ற உங்கள் கேள்விக்கு உறுதியான விடை அந்தப் பரிசோதனையில்தான் இருக்கிறது. நாத்தனாரின் அனுபவத்தில் இல்லை.

ப்ரோப்ரானோலால் என்ன செய்கிறது என்பதை இப்போது சரியாகப் புரிந்துகொள்ள முடியும். தைராய்டு ஹார்மோன் கூடும்போது அட்ரினலினும் கூடிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அளந்து பார்த்தால் இரத்தத்தில் அட்ரினலின் அளவு இயல்பாகவோ, சற்றுக் குறைவாகவோதான் இருக்கிறது. கூடுவது, இதயத்திலும் தசையிலும் உள்ள பீட்டா ஏற்பிகளும் அவற்றின் கூருணர்ச்சியும். சாதாரண அளவு அட்ரினலினுக்கே இதயம் பதறி ஓடுகிறது. ப்ரோப்ரானோலால் அந்தப் பதற்றத்தை மட்டும் அடக்குகிறது. படபடப்பு, நடுக்கம், வியர்வை, மன அலைச்சல், வெயில் தாங்காமை ஆகியவை அதனால் குறையும். சுரப்பியில் ஹார்மோன் உற்பத்தி துளியும் குறையாது. டி4 என்ற ஹார்மோன் அதைவிட வீரியமான டி3 ஆக மாறுவதை அதிக அளவு ப்ரோப்ரானோலால் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நாளுக்கு 160 மி.கி.க்கு மேல் கொடுக்கும்போது மெதுவாகக் கிடைக்கும் சிறிய லாபம். உங்கள் அளவில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. எடை குறைவதும், தசையும் எலும்பும் கரைவதும், கிரேவ்ஸால் வரும் கண் வீக்கமும் இந்த மாத்திரைக்குக் கட்டுப்படுவதில்லை.

ஆகவே கார்பிமசோலை நிறுத்திவிட்டு ப்ரோப்ரானோலாலை மட்டும் தொடர்ந்தால், நோய் அப்படியே இருக்க, அதன் சத்தம் மட்டும் அடங்கியிருக்கும். என்னிடம் வந்த ஒரு வேன் ஓட்டுநர் இதைத்தான் செய்தார். கையும் நாடியும் சீரானதும் கார்பிமசோலை நிறுத்திவிட்டு, பீட்டா பிளாக்கரை மட்டும் மாதக்கணக்கில் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது நாடி 84 தான். ஆனால் பெல்ட்டில் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தார், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை, நாடி ஒழுங்கில்லாமல் தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருந்தது. இசிஜியில் மேலறை நடுக்கம் என்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரிந்தது. பக்கவாதத்துக்கு வழிவகுக்கக்கூடிய அந்தச் சீரற்ற துடிப்பு, அடங்காத தைராய்டின் நேரடி விளைவு. நாடியின் எண்ணிக்கை மட்டும் அவரையும், ஒரு கணம் என்னையும், நிம்மதிப்படுத்தப் பார்த்தது.

மருந்துக் கடையில் ‘பிரஷர் மாத்திரை’ என்று சொன்னதும் முழுத் தவறல்ல. 1960-களில் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் இதை இதய நோயால் வரும் நெஞ்சுவலிக்காக உருவாக்கினார் (அதையும் சேர்த்து அவருக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது). பின்னர் இரத்தக் கொதிப்புக்கும், ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும், பரம்பரை நடுக்கத்துக்கும் பயன்பட்டது. உங்களுக்கு அது பிரஷருக்காக எழுதப்படவில்லை. பிரஷர் 110/70 இருப்பவர் பீட்டா பிளாக்கர் எடுப்பதில் தவறில்லை. படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கார்பிமசோலைப் பற்றிய பயம்

வெள்ளணுக்கள் குறைவது உண்மையான ஆபத்து, ஆனால் அரிதானது. ஆயிரத்தில் ஓரிருவர் முதல் ஐந்து பேர் வரை, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், அதற்கு ஆளாகிறார்கள். இதற்கான பாதுகாப்பு, மாத்திரையை நிறுத்துவதில் இல்லை, அறிகுறியைத் தெரிந்து வைத்திருப்பதில் இருக்கிறது. காய்ச்சலோடு தொண்டை வலியோ வாய்ப்புண்ணோ வந்தால், அன்றே கார்பிமசோலை நிறுத்திவிட்டு, அன்றே வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். ‘சாதாரணக் காய்ச்சல்தானே, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று பாரசிட்டமாலோடு நின்றுவிடக் கூடாது. இப்போது உங்களுக்கு இருப்பது காய்ச்சல் இல்லாத வறட்டு இருமல் என்பதால், கார்பிமசோலின் மேல் பழி போட இடமில்லை. பின்னால் அப்படிக் காய்ச்சல் வந்து நிறுத்த நேர்ந்தாலும், வெள்ளணு எண்ணிக்கை சரியாக இருந்து பொய்ப் பயம் என்று தெரிந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு மீண்டும் தொடங்கிவிடலாம்.

நீங்கள் 12 நாளில் கார்பிமசோலின் பலனைத் தேடினால் கிடைக்காது. அது புதிய ஹார்மோன் செய்வதைத்தான் தடுக்கிறது. சுரப்பிக்குள் ஏற்கெனவே செய்து வைத்த ஹார்மோன் வாரக்கணக்கில் இரத்தத்துக்கு வந்துகொண்டே இருக்கும். வந்த டி4 பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். ஆகவே மூன்று, நான்கு வாரம் கடந்த பிறகுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், இரத்த அளவு சீராக ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். ப்ரோப்ரானோலாலையோ அதன் மாற்றையோ எழுதுவதே, இந்த இடைவெளியைக் கடக்க உதவத்தான். முதல் மறுபரிசோதனையில், நான்கு முதல் ஆறு வாரத்தில், டி4-ஐயும் டி3-ஐயும் பாருங்கள். டி.எஸ்.எச். அப்போதும் 0.01-க்குக் கீழேயே இருக்கும். அது எழுந்திருக்க மாதங்கள் ஆகும், அதை வைத்து ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

நாடியை வைத்து அளவைத் தீர்மானிப்பது

உங்களுக்கு மாற்று மருந்தாக எது வந்தாலும், வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. காலை எழுந்து, காபிக்கும் மாத்திரைக்கும் முன்பு, ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். இடது கையை மல்லாத்தி வைத்து, பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் இலேசாக வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்காதீர்கள். எண்ணிக்கையைவிட, துடிப்பு ஒழுங்காக வருகிறதா, இடையிடையே தப்புகிறதா என்பது முக்கியம், அது ஒரு நிமிடம் கேட்டால்தான் தெரியும். தையல் கணக்கு எழுதும் நோட்டிலேயே தேதியோடு குறித்து வையுங்கள்.

உட்கார்ந்த நிலையில் 70-க்கும் 90-க்கும் இடையே இருந்தால் போதும். முதல் வாரங்களில் நூறுக்கு மேல் நின்றால் அளவு போதவில்லை என்று பொருள். ஆஸ்துமா இல்லாமல் ப்ரோப்ரானோலாலையே தொடர்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். தைராய்டு கூடியிருக்கும்போது கல்லீரல் ப்ரோப்ரானோலாலை மிக வேகமாக அழித்துவிடுவதால், ஒருவருக்கு 10 மி.கி. மூன்று வேளை போதுமானதாக இருக்க, இன்னொருவருக்கு 40 மி.கி. நான்கு வேளை தேவைப்படும். ஒரு வேளை மாத்திரையின் பலன் ஆறு முதல் எட்டு மணி நேரம்தான் நிற்கும். மதியம் மறந்துவிட்டால் சாயங்காலம் படபடப்பு வருவது நோய் முற்றியதால் அல்ல. அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டு ஈடுகட்டவும் கூடாது.

பலர் கவனிக்காமல் விடுவது இதற்குப் பிறகு வருவதைத்தான். கார்பிமசோல் வேலை செய்து ஹார்மோன் குறையக் குறைய, கல்லீரலின் வேகமும் இயல்புக்குத் திரும்புகிறது. அதே 60 மி.கி. இப்போது இரத்தத்தில் கூடுதல் நேரம், கூடுதல் அளவில் நிற்கும். அதே நேரத்தில் இதயத்தின் பதற்றமும் தணிந்துவிட்டிருக்கும். முதல் வாரத்தில் அளவாக இருந்த மாத்திரை ஆறாவது வாரத்தில் அதிகமாகிவிடுகிறது. நாடி 60-க்குக் கீழே இறங்குவது, கை கால் சில்லென்று இருப்பது, எழுந்தால் தலை சுற்றுவது, மாடி ஏற முடியாத அசதி ஆகியவை அதன் அறிகுறிகள். இதை ‘தைராய்டு குறைந்துவிட்டது’ என்று தவறாக எடுத்துக்கொண்டு கார்பிமசோலைக் குறைப்பவர்கள் உண்டு. குறைக்க வேண்டியது பீட்டா பிளாக்கரை. இரண்டில் எது என்று ஃப்ரீ டி4 சொல்லிவிடும்.

நிறுத்தும் விதத்தை ஒரு கணக்கோடு சொல்கிறேன். ஆஸ்துமா இல்லாத ஒருவர், உங்களைப் போலவே ப்ரோப்ரானோலால் 20 மி.கி. மூன்று வேளை எடுத்து, ஆறாவது வாரத்தில் டி4 சீராகி, நாடி 66-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் மதிய வேளையை விட்டுவிட்டு நான்கைந்து நாள் நாடியைப் பார்ப்பேன். 80-க்குள் இருந்தால் காலை, இரவு இரண்டையும் 10 மி.கி. ஆக்குவேன். இன்னும் நான்கைந்து நாள் கழித்துக் காலை மட்டும் 10 மி.கி., பிறகு நிறுத்தம். மொத்தத்தில் இரண்டு வாரம். இடையில் நாடி மீண்டும் நூறைத் தாண்டினால் ஒரு படி பின்னே போவதோடு, டி4-ஐயும் மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரையைக் குறைத்ததால் வந்த துள்ளலா, நோய் அடங்காததா என்று நாடி மட்டும் சொல்லாது. கார்பிமசோல் அதன் பிறகும் தொடரும். கிரேவ்ஸுக்கு வழக்கமாக ஒன்றரை வருடம் வரை. உங்களுக்கு அட்டினோலால் போன்ற ஒன்று பின்னால் கொடுக்கப்பட்டால், அதையும் இப்படியே படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மூச்சுத்திணறலைத் தவிர, இடையில் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைமைகள் இரண்டு. ஒன்று, அதிகக் காய்ச்சலோடு வாந்தி, வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், நாடி 140-ஐத் தாண்டுவது ஆகியவை சேர்ந்து வருதல். இது தைராய்டு புயல் என்று நாங்கள் சொல்லும் உயிராபத்தான நிலை, கார்பிமசோலைத் தாமாக நிறுத்தியவர்களிடம் இதைப் பார்த்திருக்கிறோம். மற்றொன்று, நாடி 50-க்குக் கீழே போய் மயக்கம் வருவது.

உங்கள் மருத்துவரிடம் போகும்போது பழைய இன்ஹேலரையும், நாடி குறித்த நோட்டையும், இப்போது எடுக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள். அறையில் நுழைந்ததும், அவர் கேட்கும் முன்பே, ‘எனக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங் உண்டு’ என்று சொல்லிவிடுங்கள். அவர் அதை உங்கள் மருந்துச் சீட்டின் மேல்பக்கத்தில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.